தூண் நிழல் உடம்பில் எப்படி விழும்?

திருமலை நாயக்கர் மஹாலின் தூண் வரிசைக்குள் ஒரு சிறுமி ஓடும் அனிமேஷன் ஷாட்டைப் போன வாரம் காட்டியிருந்தேன். அதைப் பற்றி வந்த கேள்விகள்தான் இவை.

“அண்ணே, தரையில தூண் நிழல் நேர்க்கோடா இருக்கு. பொண்ணு மேலயும் நேரா போட்டேன், ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கு.”

தரை தட்டை, அவள் உருண்டை. தூணின் விளிம்பிலிருந்து சூரியன் போகும் திசையில் செங்குத்தாக ஒரு கண்ணாடித் தகடு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், தம்பி. அந்தத் தகடு அவளை எங்கே வெட்டுகிறதோ அதுதான் நிழலின் கோடு. என் ஷாட்டில் சூரியன் கேமராவுக்குப் பின்-இடப்பக்கம். அதனால் மூக்கு, வயிறு என்று நம் பக்கம் புடைக்கும் இடத்தில் கோடு இடப்பக்கம், அதாவது சூரியன் இருக்கும் பக்கம், நகரும். கழுத்தில் உள்வாங்கும் இடத்தில் வலப்பக்கம் விலகும். பாவாடை மடிப்பில் ஏறி இறங்கும்.

சரியாக வந்ததா என்று பார்க்கக் காலடியைப் பாருங்கள். ஊன்றிய காலில் உடம்புக் கோடும் தரைக் கோடும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். அரை விரல் தள்ளியிருந்தாலும் அவள் மிதப்பாள். இன்னொன்று, சூரியன் நேராகக் கேமராவின் முதுகுப்பக்கம் இருந்தால் கோடு கிட்டத்தட்ட நேராகவே தெரியும். அப்போது வளைத்தால்தான் தப்பு.

“கறுப்பை 40 சதவீதம் வெச்சு மல்டிப்ளை போட்டா போதும்னு எங்க சார் சொன்னார்.”

உங்கள் சார் பாதி சரி. இருட்டு வந்துவிடும், நிறம் வராது. பின்னணியில் ஒரே தரையில் வெயில் பட்ட இடத்தையும் நிழல் இடத்தையும் ஐட்ராப்பரால் எடுங்கள். எனக்கு வெயிலில் சிவப்பு, பச்சை, நீலம் முறையே 230, 200, 150 வந்தது. நிழலில் 115, 110, 105. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.5, 0.55, 0.7. அதை 255-ஆல் பெருக்கினால் 128, 140, 179, ஒரு நீலச் சாம்பல். இதையே மல்டிப்ளை லேயரின் நிறமாக வைத்தேன். நீலம் ஏன் குறைவாகத் தேய்ந்தது? முற்றத்தின் திறந்த வானம் நிழலுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறதே. கறுப்பில் மூன்றும் ஒரே அளவு குறையும், தோல் சேறு பூசியதுபோல ஆகும்.

ஒரே பொருளின் இரண்டு இடங்களைத்தான் எடுக்க வேண்டும். தரையில் ஒன்று, சுவரில் ஒன்று எடுத்தால் கணக்கு கெட்டுவிடும்.

“நிழலோட விளிம்பை எல்லாம் ப்ளர் பண்ணிடணும், அப்பதான் இயற்கையா இருக்கும். சரிதானே?”

எல்லாவற்றையும் இல்லை, தூரத்தைப் பொறுத்தது. சூரிய வட்டம் அரை டிகிரி அகலம். அதனால் நிழலைப் போடும் பொருள் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு விளிம்பு மங்கும். தூண் 5 மீட்டர் தள்ளி என்றால் 5 சென்டிமீட்டர். என் சிறுமி 120 சென்டிமீட்டர் உயரம், திரையில் 600 பிக்சல். ஆக 25 பிக்சல் மங்கல். ஆனால் தாடை கழுத்தில் போடும் நிழலுக்கு அரை மில்லிமீட்டர்தான், அதைக் கத்தியால் வெட்டியதுபோல விட்டுவிடுங்கள். கன்னம் வளைவதால் வரும் இருட்டு வேறு கதை. அது உங்கள் பாணி.

“சார், எங்க கடை பேனர்ல சாமி படத்துக்குப் பின்னாடி டிராப் ஷேடோ எத்தனை பிக்சல் வைக்கலாம்?”

அது படத்தைப் பலகையிலிருந்து தூக்கிக் காட்டுவது. இங்கே பேசுவது ஆளை இடத்தோடு சேர்ப்பது. எழுத்து படிக்க முடிந்தால் சரி.

“நான் சித்திரைத் திருவிழா மதியக் காட்சி வரையறேன். நீளமா நிழல் போட்டா அழகா இருக்கு, ஆனா ஏதோ உறுத்துது.”

உறுத்தத்தான் செய்யும், அக்கா. ஏப்ரல் நடுவில் மதுரையில் பகல் 12.17 வாக்கில் சூரியன் உச்சந்தலைக்கு மேல். நிழல் காலுக்கடியில் வட்டமாகக் கிடக்கும். நிழல் ஆள் உயரத்துக்கு வரவே மூன்றேகால் மணியாகும். மதியம்தான் வேண்டும் என்றால் தலை, மூக்கு, தோளில் வெயில் வையுங்கள், கண்குழியும் தாடைக்கடியும் இருண்டிருக்கட்டும். அங்கே முழுக் கறுப்பு வேண்டாம், சுட்ட தரையின் செம்மண் நிறம் தாடைக்குக் கீழே கொஞ்சம் ஏறும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

“கேரக்டரை டூஸ்ல, அதாவது ரெண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம்னு வரையறோம். நிழலையும் டூஸ்ல போடலாமா?”

கேமரா நகராவிட்டால் போடலாம். கேமரா பேன் ஒவ்வொரு ஃப்ரேமிலும் நகர்ந்து, ஆளும் அதோடு இடம் மாறினால் கூடாது. தரைக் கோடு நகரும், உடம்புக் கோடு ஒரு ஃப்ரேம் தங்கும், காலடியில் துடிக்கும். நான் ஒன்ஸில், ஃப்ரேமுக்கு ஒரு படமாக, நிழலை மட்டும் மறுபடி வரைந்தேன், நொடிக்கு 24. என்னுடன் வேலை செய்பவர் இதை வீண்வேலை என்கிறார். இடைப்பட்ட ஃப்ரேமில் முந்தைய வடிவத்தையே நகர்த்தினால் போதுமாம். அவர் செய்த ஷாட்டில் எனக்கு முழங்கையில் உறுத்தியது, அவருக்கு உறுத்தவில்லை.