300 எம்பிபிஎஸ் லைன், லேப்டாப்பில் மட்டும் 94

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. 300 எம்பிபிஎஸ் ஃபைபர் போட்டிருக்கிறோம். என் லேப்டாப்பில் லேன் போர்ட் கிடையாது என்பதால் ஆன்லைனில் 349 ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி லேன் அடாப்டர் வாங்கினேன். 'யூஎஸ்பி 3.0 கிகாபிட்' என்றுதான் போட்டிருந்தார்கள். வயர் செருகினால் 94-க்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது. ரூட்டர் பக்கத்தில் நின்று போனில் பார்த்தால் வைஃபையில் 270 வருகிறது. லைன்காரரைக் கூப்பிடுவதா, அடாப்டரைத் திருப்பிக் கொடுப்பதா?

பதில்: லைன்காரரைக் கூப்பிட வேண்டாம். போனில் 270 வருகிறது என்றால் லைன் நன்றாகத்தான் இருக்கிறது. ரூட்டரின் லேன் போர்ட்டிலிருந்து லேப்டாப் வரை உள்ள தூரத்தில்தான் கோளாறு.

எங்கே என்பதற்கு அந்த 94 என்ற எண்ணே பாதி விடை சொல்லிவிடுகிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு முழுப் பொட்டலம் வயரில் 1538 பைட் அளவு இடம் பிடிக்கும். அதில் உங்கள் தரவுக்குக் கிடைப்பது 1460 பைட். மீதி முகவரிக்கும், சரிபார்ப்புக்கும், இரண்டு பொட்டலங்களுக்கு நடுவே விடும் இடைவெளிக்கும் போய்விடும். கணக்குப் போட்டால் 100-க்கு 94.9. அதனால் ஸ்பீடு டெஸ்ட் எந்த நேரத்தில் எடுத்தாலும் 93, 94, 95 என்று ஆணி அடித்தாற்போல் நின்றால், அது நெரிசல் இல்லை. எங்கோ ஒரு இடத்தில் இணைப்பே 100-இல் பேசி முடிந்திருக்கிறது. நெரிசல் என்றால் எண் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று ஆடும்.

100-இல் முடியக் காரணம் மூன்றில் ஒன்று: அடாப்டரின் சிப், கேபிள், ரூட்டரின் போர்ட். முதலில் சிப்பைப் பாருங்கள். 349 ரூபாய் என்றதுமே சந்தேகம் அங்கேதான் போகிறது. விண்டோஸ் என்றால் அடாப்டரைச் செருகி, கேபிளையும் மாட்டி, பவர்ஷெல்லில் இந்த ஒரு வரியை அடியுங்கள்:

```
Get-NetAdapter | Format-Table Name, InterfaceDescription, LinkSpeed
```

நடுவில் வரும் பெயரைப் படியுங்கள். `Realtek USB FE Family Controller` என்றிருந்தால் விசாரணை முடிந்தது. அதில் `FE` என்பது ஃபாஸ்ட் ஈதர்நெட், அதாவது உச்சமே 100. கேபிளை மாற்றினாலும், டிரைவரைப் புதுப்பித்தாலும், ரூட்டரையே மாற்றினாலும் 101 ஆகாது. கிகாபிட் சிப் என்றால் அதே இடத்தில் `Realtek USB GbE Family Controller` என்றோ, `AX88179` என்ற எண்ணோடோ வரும். பெயர் தெளிவாக வரவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரின் `Properties`, அதில் `Details`, அதில் `Hardware Ids` பாருங்கள். `VID_0BDA&PID_8152` என்றால் 100 சிப். `VID_0BDA&PID_8153` என்றால் கிகாபிட். கடைசி ஒரு இலக்கத்தில்தான் வித்தியாசம்.

விளம்பரத்தில் ஏமாறுவதும் இங்கேதான். செருகும் முனையில் நீல பிளாஸ்டிக் இருந்தால் யூஎஸ்பி 3.0 என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்த முனைக்குள் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நிஜமான 3.0 என்றால் முன்னால் நான்கு தட்டையான தகடுகளும், அதற்குப் பின்னால் உள்ளே தள்ளி ஐந்து சிறு தொடுபுள்ளிகளும் இருக்கும். நான்கு மட்டும் இருந்தால் நீலம் வெறும் வண்ணம். இன்னொரு வித்தை, பெட்டியில் பெரிதாக '480 எம்பிபிஎஸ்' என்று போடுவது. அது பொய்யும் இல்லை: யூஎஸ்பி 2.0 பக்கத்தின் வேகம் 480. லேன் பக்கத்தின் வேகம் 100 என்பதைச் சின்ன எழுத்தில் '10/100' என்று வேறொரு மூலையில் போட்டிருப்பார்கள்.

பெயர் கிகாபிட் என்று வந்து, `LinkSpeed` என்ற கடைசிப் பத்தியில் மட்டும் `100 Mbps` என்று நின்றால் அடாப்டர் மேல் பழி போடக் கூடாது. கேபிளைப் பாருங்கள். 100-க்கு எட்டில் நான்கு கம்பி போதும், ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும். கிகாபிட்டுக்கு நீலம், பழுப்பு உட்பட எட்டும் வேண்டும். ஒரே கேபிளை இரண்டாகப் பிரித்து இரண்டு அறைக்கு இழுத்திருந்தாலோ, கிரிம்ப் செய்தபோது ஒரு கம்பி சரியாக உட்காராமல் போயிருந்தாலோ இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் வேலை செய்வதால் யாருக்கும் தெரியாது. கடலோர ஊர் வேறு. ஜன்னலோரம் வருஷக்கணக்கில் கிடந்த கேபிளின் முனையில் பச்சை பூத்திருந்தால் அதை வெட்டிவிட்டுப் புது முனை போடச் சொல்லுங்கள். சோதிக்கச் சுலபமான வழி, ரூட்டரோடு பெட்டியில் வந்த குட்டிக் கேபிளை நேரே ரூட்டருக்கும் அடாப்டருக்கும் மாட்டிப் பார்ப்பது. அதிலும் 100 என்றால் ரூட்டரில் வேறு லேன் போர்ட்டுக்கு மாற்றுங்கள். சில பெட்டிகளில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மற்றவை 100.

`1 Gbps` என்று காட்டியும் வேகம் 280, 320 அருகே தட்டி நின்றால், கிகாபிட் அடாப்டர் யூஎஸ்பி 2.0 போர்ட்டில் உட்கார்ந்திருக்கலாம், 300 லைனில் அது உங்கள் திட்டத்தின் உச்சமாகவும் இருக்கலாம். போர்ட்டை மாற்றுங்கள். யூஎஸ்பி-சி ஹப் வழியாக மானிட்டரும் மாட்டியிருந்தால் மானிட்டரைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். சில ஹப்களில் 4கே படம் வேக வழிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு மற்றதை 2.0-க்குத் தள்ளிவிடும். உங்கள் திட்டம் 300 என்பதால் இந்த நிலையில் பெரிய நஷ்டம் இல்லை. இதற்காகச் செலவு செய்ய வேண்டாம்.

இனி பணம். வாங்கிய பக்கத்தில் 'கிகாபிட்' என்று போட்டு `FE` சிப்பை அனுப்பியிருந்தால், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது. 'ஸ்லோவாக இருக்கிறது' என்று எழுதாதீர்கள். உங்கள் லைன் சரியில்லை என்று பதில் வரும். 'கிகாபிட் என்று விற்றது, வந்தது 100 எம்பிபிஎஸ் சிப்' என்று எழுதி, விற்பனைப் பக்கத்தின் படத்தையும் மேலே சொன்ன கட்டளை காட்டும் வரியின் படத்தையும் சேருங்கள். விற்பனைப் பக்கத்தை இன்றே படமெடுத்து வையுங்கள், புகார் போன பிறகு தலைப்பை மாற்றிவிட வாய்ப்புண்டு. மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனாலும் 349 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் நடப்பது உங்கள் விருப்பம். பெட்டியிலும் பக்கத்திலும் '10/100' என்றே இருந்தால் மட்டும் வாதாட இடமில்லை, அவர்கள் சொன்னதைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்து வாங்கும்போது '10/100/1000', 'யூஎஸ்பி 3.0' இரண்டும் எழுத்தில் இருக்கட்டும். சிப் ஆர்டிஎல்8153 அல்லது ஏஎக்ஸ்88179 என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. 2.5 கிகாபிட் அடாப்டருக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், 300 லைனில் அதனால் ஒன்றும் கூடாது. வந்த அன்றே வைஃபையை அணைத்துவிட்டு அந்தக் கட்டளையை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள், திருப்பித் தரும் நாள் கணக்கு அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும்.