மேலாளருக்கும் ஒரு நகல்

கேள்வி: சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஆவணப் பிரிவில் உள்ள சக ஊழியர் விலைப்பட்டியலைத் தராமல் இழுத்தடித்ததால், அவருடைய மேலாளருக்கும் சிசி போட்டு நினைவூட்டல் அனுப்பினேன். கடுமையான சொல் ஒன்றுகூட எழுதவில்லை. அன்றிலிருந்து அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் செய்ததில் என்ன தவறு? (அந்த மின்னஞ்சலை இணைத்துள்ளேன்.)
– வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: நீங்கள் சொல்வது உண்மைதான், கடுமையான சொல் எதுவும் அதில் இல்லை. "திங்கட்கிழமையும் புதன்கிழமையும் கேட்டிருந்தேன். விலைப்பட்டியலும் பேக்கிங் லிஸ்ட்டும் இன்னும் வரவில்லை. இன்று மாலை 4 மணிக்குள் அனுப்பி உதவவும்" என்று எழுதியிருக்கிறீர்கள். மேலாளரின் பெயர் இல்லாதிருந்தால் இது ஒரு சாதாரண நினைவூட்டல். அவர் பெயர் சேர்ந்ததும், உங்கள் சக ஊழியர் ஒவ்வொரு வாக்கியத்தையும் மேலாளரின் கண்களால் படித்திருப்பார். திங்களும் புதனும் நீங்கள் கேட்டது அவருக்கே தெரியும். தமக்குத் தெரிந்ததை ஒருவர் இன்னொருவர் முன்னிலையில் எடுத்துச் சொன்னால், அது தமக்காகச் சொல்லப்படவில்லை என்பது யாருக்கும் புரியும். ஆகவே அந்த இரண்டு கிழமைகளும் அவர்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டாகிவிட்டன. "அனுப்பி உதவவும்" என்ற பணிவும் உங்கள் பொறுமைக்கு மேலாளரைச் சாட்சியாக வைத்ததுபோல் ஆகிவிட்டது.

நீங்கள் கவனிக்காத ஒன்று அந்த மின்னஞ்சலின் கீழே இருக்கிறது. புதிதாக எழுதாமல், பழைய உரையாடலுக்கே பதில் அனுப்பி அதில் மேலாளரைச் சேர்த்திருக்கிறீர்கள். புதன்கிழமை அவர் உங்களை நம்பி எழுதிய "நாளைக்குப் பார்க்கலாம் லா, இன்னிக்கு ரொம்ப பிஸி" என்ற வரியும் அதனுடன் மேலாளரிடம் போய்விட்டது. சக ஊழியரிடம் சொன்ன சொல்லை, அவரைக் கேட்காமல் அவருடைய அதிகாரியிடம் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். அவர் பேச்சை நிறுத்தியதற்கு உங்கள் நடையைவிட இதுவே பெரிய காரணம் என்று கருதுகிறேன்.

எழுதியவர் மனத்தில் இருக்கும் தொனி படிப்பவரைச் சென்றடைவதில்லை என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் குரூகரும் எப்லியும் 2005இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தாங்கள் எழுதியது கேலியா, உண்மையா என்பதை 100க்கு 78 முறை பெறுபவர் சரியாகக் கண்டுகொள்வார் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்தார்கள். உண்மையில் சரியாக இருந்தது 56 முறைதான். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 முறை சரியாகிவிடும். தொனி இவ்வளவு மங்கலாக இருக்கும்போது, படிப்பவர் வேறு அடையாளத்தைத் தேடுகிறார். சிசியில் உள்ள பெயர் அந்த அடையாளமாகிவிடுகிறது. நிர்வாகவியல் பேராசிரியர் டேவிட் டி கிரேமரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வுகளைப் பற்றி 2017இல் வெளிவந்த கட்டுரையும் இதையே சொல்கிறது: தம் மேலதிகாரிக்கு எப்போதும் நகல் அனுப்பும் சக ஊழியர் தம்மை நம்பவில்லை என்றே மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதனால் மேலாளரைச் சேர்க்கவே கூடாது என்று பொருளல்ல. தொடக்கத்திலிருந்தே அவர் பெயர் இருக்கும் உரையாடலிலும், எல்லாரும் அறிந்த அலுவலக நடைமுறைப்படி நகல் போகும் இடத்திலும் யாரும் வருந்துவதில்லை. பாதியில் சேர்க்கப்படும் பெயர்தான் உறுத்துகிறது. உங்கள் நெருக்கடியும் உண்மையானது: விலைப்பட்டியல் இல்லாமல் சுங்க அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியாது, கப்பலும் காத்திருக்காது. ஆனால் அந்தக் காரணம் உங்கள் மின்னஞ்சலில் ஒரு வரியாகக்கூட இல்லை. மேலாளர் எதற்காக அங்கே இருக்கிறார் என்பதை நீங்கள் சொல்லாவிட்டால், படிப்பவர் தமக்குத் தோன்றியதை எண்ணிக்கொள்வார்.

முதலில் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, நாளைக்குள் வராவிட்டால் சரக்கு நின்றுவிடும், உங்கள் மேலாளரிடம் உதவி கேட்கட்டுமா?" என்று கேட்டிருக்க வேண்டும். அதன் பிறகு, பழைய உரையாடல் எதுவும் ஒட்டாத புதிய மின்னஞ்சலில், மேலாளரை `Cc`யில் வைக்காமல் `To`விலேயே சேர்த்து, இப்படி எழுதியிருக்கலாம்: "சரக்கு வெள்ளிக்கிழமை கப்பலேற வேண்டும். ஆவணப் பிரிவில் வேலை அதிகம் என்று அறிகிறேன். இந்த ஒரு விலைப்பட்டியலை முன்னதாக எடுத்துக்கொள்ள இயலுமா என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டியிருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்." இதில் கடந்த கிழமைகள் இல்லை, மேலாளர் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. மறைவாக `Bcc`யில் அனுப்பும் யோசனை மட்டும் வேண்டாம். அந்த மேலாளர் தவறுதலாக எல்லாருக்கும் பதில் அனுப்பினால், நீங்கள் ஒளித்துவைத்தது அந்த நொடியே வெளிப்பட்டுவிடும்.

இப்போது நீங்கள் மின்னஞ்சலில் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அதையும் அவர் சந்தேகத்தோடுதான் படிப்பார். அவருடைய மேசைக்கு நேரில் போய், அவர் உங்களுக்கு மட்டும் எழுதிய வரியை மேலாளர் பார்க்கும்படி செய்தது தவறு என்று அந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அடுத்த விலைப்பட்டியலை அவரிடம் மட்டும் கேளுங்கள்.