டைப்பிங் வேலைக்கு முன்பணம் கட்டலாமா?

"எம்.ஏ. தமிழ் படித்தவள். பழைய லேப்டாப் இருக்கிறது. 2,500 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டினால் வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை தருகிறோம் என்கிறார்கள். கட்டலாமா?" – வாசகி, விருதுநகர்

கட்டாதீர்கள். இவர்கள் வேலை தருகிறவர்களே இல்லை. மங்கலான பக்கங்களைப் படமாக அனுப்பி, ஐந்து நாளில் 98 சதவீதம் பிழையில்லாமல் அடித்துத் தாருங்கள் என்பார்கள், முடித்துக் கொடுத்ததும் 'தேறவில்லை' என்று பதில் வரும். அப்புறம் ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று வாட்ஸப்பில் வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு பிடிஎஃப் வரும். அது கோர்ட் சம்மன் அல்ல, பயந்து பணம் அனுப்பாதீர்கள், சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். (புகார் கொடுக்கப் போனால் 'நீங்க ஏம்மா கையெழுத்துப் போட்டீங்க' என்று உங்களையே கேட்பார்கள். வருஷக்கணக்கில் இதே கதைதான்.) ஆதார் நகலையும் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.

கட்டணம் கட்டுவதில் நியாயமானது ஒன்றே ஒன்றுதான், அரசு தட்டச்சுத் தேர்வு. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தமிழ் ஜூனியர், சீனியர் தேர்வுகள் அவை. குரூப் 4-இல் தட்டச்சர் பதவிக்குப் போக நினைத்தால் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அந்தச் சான்றிதழ் வேண்டும், அதற்காகப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்து பணம் கட்டுவதில் தவறில்லை. ஆனால் பேட்டியை எழுத்தாக்கக் கொடுப்பவரோ சப்டைட்டில் கேட்பவரோ அதைக் கேட்கவே மாட்டார், ஒரு மாதிரி வேலை செய்துகாட்டச் சொல்வார், அவ்வளவுதான். அதனால் வீட்டு வேலைக்காக மட்டும் அந்தத் தேர்வுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

உண்மையான வேலையிலும் பலர் கூலியில் கோட்டை விடுவார்கள். ஒரு மணி நேரப் பேட்டிக்கு 600 ரூபாய் என்று இடைத்தரகர் சொன்னால் மணிக்கு 600 என்று மனசு கணக்குப் போடும். அது ஒலிப்பதிவின் ஒரு மணி. தெளிவான குரலாக இருந்தாலே அதை எழுத ஐந்தாறு மணி நேரம் ஆகும், ஆக உங்களுக்கு மணிக்கு 100, 120 ரூபாய்தான் நிற்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினாலோ ஃபேன் இரைந்தாலோ அதுவும் கிடையாது. ஒப்புக்கொள்வதற்கு முன்பு நடுவிலிருந்து ஐந்து நிமிடம் வாங்கி, அடித்துப் பார்த்து, கடிகாரத்தைப் பாருங்கள்.

உங்கள் தமிழுக்கு மதிப்பு சப்டைட்டிலில்தான். 'நான் அப்பவே சொன்னேன்ல, அந்த ஆளை நம்பாத, அவன் சொல்றது ஒண்ணு செய்றது ஒண்ணுன்னு' என்று ஒருத்தி இரண்டரை நொடியில் கொட்டுகிறாள். அத்தனையும் போட்டால் யாராலும் படிக்க முடியாது, இரண்டு வரிக்குள் சுருக்க வேண்டும்:

```
12
00:01:04,200 --> 00:01:06,700
அவனை நம்பாதேன்னு
அப்பவே சொன்னேன்ல
```

இந்த நேரக்குறிப்பைக் கையால் அடிக்க வேண்டாம், Subtitle Edit என்ற மென்பொருள் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். தட்டச்சு யூனிகோடில்தான் இருக்க வேண்டும், பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தால் திரையில் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். சேமிக்கும்போது UTF-8 என்று தேர்ந்தெடுங்கள், மறந்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும்.