டிரெய்னிங்கில் 99%, வேலிடேஷனில் 61%: ஓவர்ஃபிட்டிங்தானா?

கேள்வி: பத்து வகைப் படங்களைப் பிரித்தறிய, 2000 படங்களை வைத்து ரெஸ்நெட்-50 மாடலை ஆரம்பத்திலிருந்தே டிரெய்ன் செய்தேன். டிரெய்னிங் துல்லியம் 99%, வேலிடேஷன் துல்லியம் 61%. இது ஓவர்ஃபிட்டிங்தானே? ஆக்மென்டேஷனும், கடைசி லேயருக்கு முன்னால் 0.5 டிராப்அவுட்டும் சேர்க்கப் போகிறேன். சரியா?

பதில்: ஆமாம், உங்கள் கணிப்பு சரி. இந்த மாடலில் ஏறத்தாழ 2.5 கோடி அளவுருக்கள் இருக்கின்றன. 2000 படங்களை மனப்பாடம் செய்ய அது தாராளம். லாஸ் வரைபடத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேலிடேஷன் லாஸ் சில எபாக் வரை இறங்கி, அப்புறம் ஏற ஆரம்பித்திருக்க வேண்டும். டிரெய்னிங் லாஸ் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். அப்படித்தான் இருக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

நீங்கள் சொன்ன இரண்டில் ஆக்மென்டேஷன்தான் மூல காரணத்தைத் தொடுகிறது, ஏனென்றால் குறையே படங்கள் போதாததுதான். ஆனால் படத்தை எப்படி மாற்றினாலும் அதன் வகை மாறக் கூடாது. எண்களைப் படிக்கும் மாடலில் 6-ஐத் தலைகீழாகச் சுழற்றினால் 9 ஆகிவிடும். டிரெய்னிங் படங்களுக்கு மட்டும் செய்யுங்கள், வேலிடேஷன் படங்களைத் தொடாதீர்கள். டிராப்அவுட்டில் தவறில்லை. ஆனால் கடைசியில் மட்டும் வைத்தால் கீழே உள்ள கன்வல்யூஷன் லேயர்கள் பெரும்பாலும் பழையபடியே மனப்பாடம் செய்யும். நானாக இருந்தால், இமேஜ்நெட்டில் ஏற்கெனவே பழகிய எடைகளிலிருந்து தொடங்குவேன். இவ்வளவு குறைவான படங்களுக்கு அதன் பலன் டிராப்அவுட்டைவிடப் பெரிதாக இருக்கும்.

கேள்வி: எனக்கும் பத்து வகைதான். டிரெய்னிங் 98%. வேலிடேஷன் முதல் எபாக்கிலிருந்தே 12%-ஐத் தாண்டவில்லை. வெயிட் டிகே சேர்த்தால் போதுமா?

பதில்: போதாது, இப்போதைக்குச் சேர்க்கவே வேண்டாம். பத்து வகையில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 10% வந்துவிடும். மனப்பாடம் செய்யும் மாடல்கூட வழக்கமாகத் தொடக்கத்தில் பொதுவான எதையாவது கற்றுக்கொள்ளும். வேலிடேஷன் ஏறவே இல்லை என்றால் முதலில் கோளாறைத் தேடுங்கள்.

டிரெய்னிங் படங்களையே `model.eval()` போட்டு, வேலிடேஷன் கோட் வழியாக அனுப்பிப் பாருங்கள். 98% அங்கே சரிந்தால் தவறு அந்தப் பாதையில்தான் இருக்கிறது. நார்மலைசேஷன் விடுபட்டிருப்பது அடிக்கடி நடக்கும். சரியவில்லை என்றால், படங்களைப் பிரித்த விதத்தைப் பாருங்கள். வகைவாரியாக அடுக்கிய பட்டியலைக் கலைக்காமல் கடைசி 20%-ஐ வெட்டியிருந்தால், மாடல் பார்த்தே இராத வகைகள்தான் வேலிடேஷனில் இருக்கும். வேலிடேஷனில் ஒரு வகையின் ஃபோல்டர் விடுபட்டிருந்தாலும் சிக்கல்தான்: ஃபோல்டர் பெயரை வரிசைப்படுத்தி எண் கொடுக்கும்போது, அதற்கு அடுத்து வரும் வகைகளின் எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிப்போய்விடும்.

கேள்வி: ஆக்மென்டேஷனும் டிராப்அவுட்டும் சேர்த்த பிறகு டிரெய்னிங் 99%-லிருந்து 84%-க்கு இறங்கிவிட்டது, வேலிடேஷன் 61%-லிருந்து 76%-க்கு ஏறியது. மாடலைக் கெடுத்துவிட்டேனா?

பதில்: இல்லை, வேலிடேஷன் ஏறியதே நீங்கள் கேட்ட பலன். அந்த 84% மாற்றப்பட்ட படங்களில், டிராப்அவுட் இயங்கும்போது எடுத்த அளவு. மாற்றாத படங்களில் `model.eval()` போட்டு அளந்தால் அநேகமாகக் கூடுதலாகவே வரும். இரண்டும் சேர்ந்து இறங்கினால்தான் கவலை. அப்போது மாற்றங்களின் கடுமையைக் குறையுங்கள்.