மூன்று கம்பி அமைப்பு: சுமை போன பின்னும் நிற்கும் விசை

கேள்வி: "சுமை ஏற்றும்போது மூன்று கம்பிகளும் இழுவிசையில்தான் இருக்கின்றன. சுமையை முழுவதும் எடுத்த பிறகு நடுக்கம்பியில் அமுக்கவிசை இருக்கும் என்று பாடத்தில் வருகிறது. சுமையே இல்லாதபோது விசை எங்கிருந்து வருகிறது? நிலைத்த நீட்சியை எப்படிக் கணக்கிடுவது?"

நடுக்கம்பி இளகி, அதாவது மீள முடியாதபடி நீண்டுவிடுகிறது, பக்கக் கம்பிகள் தம் பழைய நீளத்துக்கே திரும்பப் பார்க்கின்றன, மூன்றையும் கீழே விட்டம் என்ற ஒரே உத்திரம் பிணைத்திருப்பதால் எதற்கும் தன் விருப்பப்படி நிற்க வழியில்லை. அந்த இழுபறிதான் நீங்கள் கேட்கும் விசை. எண்களை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

வளையாத ஒரு விட்டத்தை மூன்று செங்குத்துக் கம்பிகள் தாங்குவதாகக் கொள்வோம். மூன்றுக்கும் குறுக்குப்பரப்பு 100 சதுர மி.மீ., மீட்சிக்குணகம் சதுர மி.மீ.க்கு 2,00,000 நியூட்டன், இளகும் தகைவு சதுர மி.மீ.க்கு 250 நியூட்டன். நடுக்கம்பியின் நீளம் 1 மீட்டர், பக்கக் கம்பிகள் ஒவ்வொன்றும் 2 மீட்டர். சுமை சரியாக நடுவில் தொங்குவதால் விட்டம் சாயாமல் இறங்கும், மூன்று கம்பிகளும் ஒரே அளவு நீளும். நடுக்கம்பியின் விறைப்பு மி.மீ.க்கு 20 கிலோநியூட்டன், பக்கக் கம்பிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 10, ஆக மொத்தம் 40. எந்தக் கம்பியானாலும் 25 கிலோநியூட்டனுக்கு மேல் தாங்காது.

விட்டம் 1.25 மி.மீ. இறங்கியவுடன் நடுக்கம்பி 25 கிலோநியூட்டனை எட்டி இளகத் தொடங்குகிறது. அப்போது சுமை 40 × 1.25 = 50 கிலோநியூட்டன், பக்கக் கம்பிகளில் தலா 12.5 மட்டுமே இருக்கும். பழைய அனுமதித் தகைவு முறையில் வடிவமைப்பவர் இதையே எல்லையாகக் கொண்டு, அதற்கும் கீழே நிற்பார். ஆனால் அமைப்பு இன்னும் விழவில்லை. நடுக்கம்பி தன் 25 கிலோநியூட்டனை விடாமல் பிடித்துக்கொண்டு நீள்கிறது, கூடுதல் சுமை முழுவதையும் பக்கக் கம்பிகள் ஏற்கின்றன. இந்தக் கட்டத்தில் விறைப்பு 20 ஆகக் குறைவதால், வரைபடத்தில் கோட்டின் சாய்வு சரிபாதியாகிறது. இறக்கம் 2.5 மி.மீ. ஆகும்போது பக்கக் கம்பிகளும் இளகுகின்றன, சுமை 75 கிலோநியூட்டனில் நின்றுவிடுகிறது. இதுவே தகர்வுச் சுமை. இதை மட்டும் அறிய வேண்டுமானால் நீளம், விறைப்பு எதுவும் தேவையில்லை, 3 × 25 என்று ஒரே வரியில் வந்துவிடும்.

இப்போது அந்தப் புள்ளியிலேயே சுமையை இறக்குவோம். மாணவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். ஏறும்போது கடைசியாக இருந்த விறைப்பு 20 என்பதால் இறங்கும்போதும் அதையே போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் மீட்சி 75 ÷ 20 = 3.75 மி.மீ. வரும். விட்டம் இறங்கியதே 2.5 மி.மீ.தான் என்னும்போது, அது தொடங்கிய இடத்துக்கும் மேலே ஏறிவிட்டது என்றாகும். இந்த விடையைக் கண்டவுடன் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். இளகிய கம்பியும் இழுவை குறையத் தொடங்கிய கணத்திலிருந்து மீண்டும் மீட்சியோடுதான் நடந்துகொள்கிறது, ஆகவே இறங்கும்போது விறைப்பு முழு 40. மீட்சி 75 ÷ 40 = 1.875 மி.மீ., நிலைத்த நீட்சி 2.5 − 1.875 = 0.625 மி.மீ.

விசைகளையும் அதே வழியில் கழிக்கலாம். நடுக்கம்பியில் 25 − 20 × 1.875 = −12.5 கிலோநியூட்டன், அதாவது அமுக்கம். பக்கக் கம்பிகள் ஒவ்வொன்றிலும் 25 − 10 × 1.875 = +6.25, இழுவை. மூன்றையும் கூட்டினால் சுழியம் வருகிறது, வெளிச்சுமை இல்லாத நிலையில் வரவேண்டியதும் அதுவே. நடுக்கம்பி தனியே விடப்பட்டிருந்தால் 1.25 மி.மீ. நீண்டு நின்றிருக்கும், பக்கக் கம்பிகள் தொடக்க நீளத்தில் நின்றிருக்கும். இரண்டும் சமரசமாகி 0.625இல் நிற்கின்றன. இந்த எடுத்துக்காட்டில் அது சரிபாதியாக அமைந்ததற்கு, நடுக்கம்பியின் விறைப்பும் இரு பக்கக் கம்பிகளின் கூட்டு விறைப்பும் சமமாக இருப்பதே காரணம், பொதுவிதி அன்று.

75இல் நிறுத்தாமல் விட்டத்தை 4 மி.மீ. வரை இழுத்துவிட்டுப் பின் இறக்கினால், நிலைத்த நீட்சி 2.125 மி.மீ. ஆக உயரும், ஆனால் எஞ்சிய விசைகள் அதே −12.5, +6.25தான். கடைசிக் கட்டத்தில் மூன்றும் சேர்ந்தே நீள்வதால் அவற்றுக்கிடையேயான நீள வேறுபாடு கூடுவதில்லை. மேலும், ஒருமுறை 75ஐத் தொட்டு இறங்கிய அமைப்பு அடுத்த முறை 75 வரை எங்கும் இளகாமல் நேர்கோட்டில் ஏறும், நடுக்கம்பி −12.5இலிருந்து தொடங்குவதே அதற்குக் காரணம்.

இவை எல்லாவற்றுக்கும் நடுக்கம்பி அமுக்கத்தைத் தாங்க வேண்டும் என்பதைப் பாடங்கள் அவ்வளவாக அழுத்திச் சொல்வதில்லை. 100 சதுர மி.மீ. பரப்புள்ள உருண்டைக் கம்பியை 1 மீட்டர் நீளத்தில் இருமுனையும் கீலிட்டு வைத்தால், ஆய்லர் கணக்குப்படி அது சுமார் 1.6 கிலோநியூட்டனிலேயே பக்கவாட்டில் வளைந்துவிடும். 12.5க்கு அது எங்கே நிற்கப்போகிறது? அப்படிப்பட்ட கம்பியில் நிலைத்த நீட்சி 0.1 மி.மீ.கூட இருக்காது, மாறாக நடுக்கம்பி 2 செ.மீ. அளவுக்கு வில்லாக வளைந்து நிற்கும். புத்தக விடை வேண்டுமானால் நடு உறுப்பு தடித்ததாகவோ குழாயாகவோ இருக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் கிருஷ்ணகிரிக்கு அருகில் ஒரு கிரானைட் பட்டறையில் இதன் இன்னொரு வடிவத்தைப் பார்த்தேன். கற்களைத் தூக்கும் விட்டத்தை மூன்று மரைக் கம்பிகள் தாங்கின, நடுவில் உள்ளது தாழ்வான தாங்கியில் மாட்டப்பட்டதால் குட்டையாக இருந்தது. கம்பிகள் விட்டத்தின் துளை வழியே இறங்கி, கீழே நட்டால் பிடிக்கப்பட்டிருந்தன. அங்கிருந்த ஃபிட்டர், "நேத்துதாங்க சார் முறுக்குனேன், இன்னிக்குப் பாத்தா கையாலயே சுத்துது" என்றார். அதிர்வால் நட்டு கழல்வதாக நினைத்து ஸ்பிரிங் வாஷரும் போட்டிருந்தார்.

இந்த அமைப்பில் கம்பி அமுக்கத்தை ஏற்கவே வழியில்லை, ஏனெனில் கம்பி நீண்டால் நட்டுக்கும் விட்டத்துக்கும் இடையே இடைவெளிதான் விழும். மேலே உள்ள எண்களில் விட்டம் முழுவதுமாகப் பழைய இடத்துக்குத் திரும்பி, நட்டு 1.25 மி.மீ. கீழே தளர்ந்து நிற்கும். அந்த இடைவெளியை அப்படியே விட்டிருந்தால் அடுத்த முறை அதே கல்லுக்கு நடுக்கம்பி புதிதாக இளகாது. அவர் ஒவ்வொரு முறையும் முறுக்கி இடைவெளியை அடைத்ததால், ஒவ்வொரு பெரிய கல்லுக்கும் கம்பி மறுபடி முதலிலிருந்து இளகி நீண்டது. மரையின் அடிப்பள்ளத்தில் பரப்பு குறைவு என்பதால் நீட்சி முழுவதும் அங்கேயே சேரும் ஆபத்தும் உண்டு.

எது உண்மை என்று அறிய நட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த மரைகளை எண்ணச் சொன்னேன். நட்டு கழன்றிருந்தால், முறுக்கிய பின் பழைய எண்ணிக்கையே வர வேண்டும். பொருத்திய நாளில் நான்கு மரை வெளியே தெரிந்ததாக அவருக்கு நினைவிருந்தது, பக்கக் கம்பிகளில் இன்னும் நான்குதான் இருந்தது. நடுக்கம்பியில் ஏழு இருந்தது.