தொலைவு அட்டவணையில் அடுத்து எந்த ஊரை எடுப்பது?

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மிகக் குறுகிய வழி காணும் கணக்கில் வகுப்பில் சார் 155 நிமிடம் என்று முடித்தார். எனக்கு 160 வருகிறது. தஞ்சாவூருக்குப் பிறகு நீடாமங்கலம், அங்கிருந்து மன்னார்குடி, பிறகு திருவாரூர் என்று ஒவ்வொரு முறையும் சிறிய எண்ணைத்தான் எடுத்தேன். எங்கே தவறு? – கல்லூரி மாணவி, பாபநாசம்

பதில்: உங்கள் கூட்டலில் பிழை இல்லை. சிறிய எண்ணை எங்கே தேடினீர்கள் என்பதில்தான் பிழை இருக்கிறது. நீங்கள் நின்றுகொண்டிருந்த ஊரின் அண்டை ஊர்களுக்குள் மட்டும் தேடியிருக்கிறீர்கள்; ஆனால் டைக்ஸ்ட்ரா முறையில், இன்னும் உறுதியாகாத எல்லா ஊர்களின் எண்களையும் அட்டவணை முழுவதும் பார்த்து, அவற்றில் மிகச் சிறியதை எடுக்க வேண்டும்.

உங்கள் கணக்கில் உள்ள எடைகள் இவை (இவை வகுப்புக்காக வைத்துக்கொண்ட நிமிடங்களே தவிர, சாலையில் அளந்தவை அல்ல): தஞ்சாவூர்–நீடாமங்கலம் 50, தஞ்சாவூர்–கும்பகோணம் 60, தஞ்சாவூர்–மன்னார்குடி 75, நீடாமங்கலம்–மன்னார்குடி 20, நீடாமங்கலம்–திருவாரூர் 75, கும்பகோணம்–திருவாரூர் 55, மன்னார்குடி–திருவாரூர் 50, திருவாரூர்–நாகப்பட்டினம் 40. முதல் நெடுவரிசையில் ஒவ்வொரு படியிலும் உறுதியாகும் ஊர் இருக்கிறது.

| உறுதியான ஊர் | நீடா. | கும்ப. | மன்னை | ஆரூர் | நாகை |
|---|---|---|---|---|---|
| தஞ்சாவூர், 0 | 50 | 60 | 75 | ∞ | ∞ |
| நீடாமங்கலம், 50 | – | 60 | 70 | 125 | ∞ |
| கும்பகோணம், 60 | – | – | 70 | 115 | ∞ |
| மன்னார்குடி, 70 | – | – | – | 115 | ∞ |
| திருவாரூர், 115 | – | – | – | – | 155 |

இரண்டாவது வரியில் சற்று நின்று பாருங்கள். நீடாமங்கலம் 50 என்று உறுதியானதும், அதன் வழியாக மன்னார்குடிக்கு 50 + 20 = 70 ஆகிறது; அது ஏற்கெனவே இருந்த 75-ஐவிடச் சிறியது என்பதால் 75-ஐ அடித்துவிட்டு 70 எழுதுகிறோம். திருவாரூருக்கு இதுவரை வழியே தெரியாததால் முடிவிலிக்குப் பதில் 125 வருகிறது. இந்த இடத்தில்தான் நீங்கள் மன்னார்குடிக்குப் போய்விட்டீர்கள். அதே வரியில் கும்பகோணத்தின் 60 காத்திருக்கிறது. அது நீடாமங்கலத்தின் அண்டை இல்லை என்றாலும், வரியில் உள்ள எண்களில் அதுவே சிறியது. அதை எடுத்தால் திருவாரூர் 60 + 55 = 115 ஆகக் குறைகிறது. அடுத்து மன்னார்குடி வரும்போது 70 + 50 = 120 கிடைத்தாலும், அது 115-ஐவிடப் பெரியதாகையால் அட்டவணையில் எதுவும் மாறுவதில்லை. கும்பகோணத்தை விட்டுவிட்டதால் அந்த 120 உங்களுக்கு இறுதி விடையாகி, நாகப்பட்டினத்திற்கு 160 வந்துவிட்டது.

ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் அது எந்த ஊர் வழியாக வந்தது என்பதையும் சிறியதாக எழுதி வையுங்கள். எண்ணை அடிக்கும்போது அந்தப் பெயரையும் சேர்த்து அடிக்க வேண்டும். திருவாரூருக்கு முதலில் இருந்த நீடாமங்கலம் போய்க் கும்பகோணம் வந்திருக்கும். நாகப்பட்டினத்திலிருந்து பின்னோக்கி வாசித்தால் திருவாரூர், கும்பகோணம், தஞ்சாவூர் என்று முழு வழியும் கிடைத்துவிடும்.

மிகச் சிறிய எண்ணை எடுத்தவுடன் அதை ஏன் உறுதி என்கிறோம்? கும்பகோணத்திற்கு 60-ஐவிடக் குறைவான வேறொரு வழி இருக்குமானால், அது உறுதியான ஊர்களை விட்டு வெளியே வரும்போது கும்பகோணத்திலோ, உறுதியாகாத வேறோர் ஊரிலோ முதலில் கால் வைத்தாக வேண்டும். அப்படிப்பட்ட ஊர்கள் எல்லாவற்றின் எண்களும் 60 அல்லது அதற்கு மேல்தான். அதன் பிறகு நடக்கும் ஒவ்வொரு சாலையும் நிமிடத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. ஆகவே முதன்முதலாக எழுதப்பட்டதால் ஓர் எண் உறுதியாவதில்லை, வரியின் மிகச் சிறியதாகத் தேர்ந்தெடுக்கப்படும்போதுதான் உறுதியாகிறது.

இதிலிருந்தே தேர்வறையில் பயன்படும் ஒரு சோதனை கிடைக்கிறது. உறுதியான எண்களை மேலிருந்து கீழாக வாசித்தால் 0, 50, 60, 70, 115, 155 என்று ஒருபோதும் இறங்காமல் போக வேண்டும். உங்கள் வரிசை 0, 50, 70, 120, 160 என்று போன பிறகு கும்பகோணத்தின் 60 எஞ்சி நிற்கும். அப்படி ஓர் எண் கீழே இறங்கினால், அதற்கு முன்பே எங்கோ ஓர் ஊரைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள்.

மேலே சொன்ன காரணம் எடைகள் எதிர்மறையாக இல்லாதவரைதான் நிற்கும். கும்பகோணத்திலிருந்து நீடாமங்கலத்திற்கு −15 எடையுள்ள ஒருவழி விளிம்பு இருப்பதாக வைத்துக்கொண்டால், நீடாமங்கலத்திற்கு 45-இல் வழி இருக்கும்போதே நாம் 50 என்று உறுதி செய்திருப்போம். நேரத்திலும் தூரத்திலும் இது நேராது. ஆனால் எடை என்பது செலவாகவும், திரும்பும் வழியில் ஏற்றும் சரக்கின் வாடகை வரவாகவும் இருந்தால் நேரலாம். அப்போது எந்த எண்ணையும் முன்கூட்டி உறுதி செய்யாத பெல்மன்–ஃபோர்டு முறையில் அட்டவணையை நிரப்புங்கள்.