98 போதுமா? மல்டிபிள் ரிக்ரஷன் சர்வேக்கு எத்தனை பேர் வேண்டும்

கேள்வி: நான் நர்சிங் முனைவர் பட்ட மாணவி. தனியார் மருத்துவமனை செவிலியர்களின் பணிச்சோர்வை சர்வே செய்யப் போகிறேன். வயது, அனுபவம், மாத இரவுப் பணி, நோயாளிச் சுமை, சம்பளத் திருப்தி, வார்டு இன்சார்ஜின் ஆதரவு என ஆறு மாறிகள். இதில் இன்சார்ஜின் ஆதரவுதான் என் முக்கியக் கருதுகோள். "ஒரு மாறிக்குப் பத்து பேர், 60 போதும்" என்கிறார் கைடு. G*Power 98 என்கிறது. சீனியர் ஒருவர் அட்டவணை பார்த்து 384 என்கிறார். எதை எடுப்பது? 12 மருத்துவமனைகளில் அனுமதி கிடைத்திருக்கிறது.

பதில்:

உங்கள் கருதுகோளுக்கு இந்த மூன்றுமே பொருந்தாது. அதிகமாகத் தெரிவதால் 384 பாதுகாப்பானது என்று நினைத்துவிடாதீர்கள். அது கிரெஜ்சி, மோர்கன் இருவரும் 1970-இல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வருகிறது. ஒரு மக்கள்தொகையில் இத்தனை சதவீதம் பேர் இப்படி என்பதை 5 சதவீதப் பிழைக்குள் சொல்வதற்கான எண் அது. உங்கள் ஆய்வில் சதவீதம் எதையும் மதிப்பிடவில்லை, அதனால் அதை ஒதுக்கிவிடலாம். ஒரு மாறிக்குப் பத்து பேர் என்ற விதியிலோ விளைவு எவ்வளவு பெரியது என்ற கேள்வியே கிடையாது.

98-ஐப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான சினாப்சிஸ்களில் அந்த எண்தான் ஏறுகிறது. G*Power-இல் "Linear multiple regression: Fixed model, R² deviation from zero" என்பதைத் தேர்ந்து, f² = 0.15, பிழை வாய்ப்பு 0.05, பவர் 0.80, ஆறு மாறிகள் என்று கொடுத்திருப்பீர்கள். கணக்கில் தவறில்லை. ஆனால் அது பதில் சொல்வது வேறொரு கேள்விக்கு. ஆறு மாறிகளும் சேர்ந்து பணிச்சோர்வை விளக்குகின்றனவா, அல்லது எல்லாமே பூஜ்யமா என்பதுதான் அந்தச் சோதனை. ஆறில் ஒன்று வலுவாக இருந்தால்கூட அது தேறிவிடும். நீங்கள் கேட்பது, மற்ற ஐந்தையும் கணக்கில் எடுத்த பிறகு இன்சார்ஜின் ஆதரவுக்குத் தனியாக ஏதாவது பங்கு மிஞ்சுகிறதா என்று. அதற்கு "Linear multiple regression: Fixed model, R² increase" என்ற சோதனைதான் பொருத்தம். "Number of tested predictors" என்ற இடத்தில் 1, "Total number of predictors" என்ற இடத்தில் 6.

இப்போது f²-க்கு வருவோம். 0.15 என்பது கோஹன் "நடுத்தரம்" என்று பெயரிட்ட அளவு. மொத்த மாடலுக்கு அது நியாயமாக இருக்கலாம். ஒரே ஒரு மாறியின் தனிப் பங்குக்கு அதையே கொடுத்தால் 55 பேர் போதும் என்று வரும், பார்க்கச் சந்தோஷமாகவும் இருக்கும். ஆனால் மொத்த R² 0.30 என்றால், அந்த f²-க்கு அர்த்தம் இன்சார்ஜ் ஒருவரே சோர்வின் ஏற்ற இறக்கத்தில் 10.5 சதவீதத்தைத் தனியாக விளக்குகிறார் என்பது. வார்டு வாழ்க்கையை அறிந்தவர் நீங்கள். அவ்வளவு இருக்குமா என்று நீங்களே சொல்லுங்கள்.

அதனால் வேறு வழியில் போகலாம். எவ்வளவு வித்தியாசம் இருந்தால் அதைப் பொருட்படுத்துவீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். பணிச்சோர்வை 0 முதல் 100 வரை போகும் ஓர் அளவுகோலில் அளக்கிறீர்கள் என்றும், திட்டவிலக்கம் 18 என்றும் வைத்துக்கொள்வோம். ஆதரவு ஒரு திட்டவிலக்கம் கூடும்போது சோர்வு 3 புள்ளியாவது குறைந்தால்தான் நிர்வாகத்திடம் போய் இன்சார்ஜ்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்று பேச முடியும், அதற்குக் கீழே பேசிப் பயனில்லை என்று முடிவு செய்கிறீர்கள். 3-ஐ 18-ஆல் வகுத்தால் 0.167. இதுதான் நீங்கள் தவறவிடக் கூடாத மிகச் சிறிய பீட்டா.

ஆனால் ஆதரவு மற்ற மாறிகளோடு கொஞ்சம் பின்னிக்கிடக்கும். நோயாளிச் சுமை அதிகமுள்ள வார்டில் இன்சார்ஜுக்குப் பொறுமை குறைவு என்பது மாதிரி. இந்தப் பின்னலை VIF காட்டும். முந்தைய ஆய்வுகளின் கோரிலேஷன் அட்டவணைகளைப் பார்த்து 1.4 என்று எடுப்போம். பீட்டாவின் வர்க்கத்தை VIF-ஆல் வகுத்தால், அதாவது 0.0278-ஐ 1.4-ஆல் வகுத்தால், ஏறக்குறைய 0.02 வரும். ஆதரவு மட்டும் R²-இல் கூட்டும் பங்கு அது. மொத்த R² 0.30 என்று எதிர்பார்த்தால் f² = 0.02 / (1 − 0.30) = 0.0286.

இதை G*Power-இல் போட்டால் 277 வருகிறது. மொத்த R² 0.20-தான் இருக்கும் என்று சந்தேகப்பட்டால் 316. அப்படியானால் 98 பேரோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? R-இல் மூன்று வரி போதும்:

```r
f2 <- 0.02 / (1 - 0.30)
N  <- 98
pf(qf(0.95, 1, N-7), 1, N-7, ncp = f2*N, lower.tail = FALSE)
```

விடை 0.38. அதாவது 3 புள்ளி விளைவு உண்மையிலேயே இருந்தாலும், இப்படிப் பத்து சர்வே செய்தால் ஆறில் "தொடர்பு இல்லை" என்றுதான் முடிவு வரும். இன்னொரு ஆபத்தும் உண்டு, அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. இவ்வளவு குறைந்த பவரில் தேறிவரும் முடிவுகள் உண்மை அளவைவிடப் பெரிதாகவே இருக்கும், ஏனென்றால் தற்செயலாகப் பெரிதாக விழுந்தவைதான் 0.05 என்ற கோட்டைத் தாண்ட முடியும்.

பைலட்டில் 30 பேரிடம் கேட்டால் வரும் கோரிலேஷனை இந்தக் கணக்கில் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். 30 பேரில் 0.35 வந்தால், அதன் 95 சதவீத இடைவெளி −0.01-இல் தொடங்கி 0.63 வரை போகிறது. அவ்வளவு அகலமான எண்ணை வைத்துத் திட்டமிட முடியாது. பைலட்டிலிருந்து திட்டவிலக்கத்தை எடுங்கள், எந்தக் கேள்வியை விட்டுவிடுகிறார்கள் என்று பாருங்கள், நிரப்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வயதும் அனுபவமும் ஒன்றோடொன்று நெருங்கியிருப்பதால் அவற்றின் VIF எகிறும். அதைப் பார்த்துப் பயந்து ஒன்றைத் தூக்கிவிடாதீர்கள். அந்த இரண்டின் கெழுக்கள்தான் அதனால் தெளிவிழக்கும். ஆதரவின் கெழுவுக்கு முக்கியம் ஆதரவின் VIF மட்டுமே. ஒரு விஷயம் மட்டும் கவனம்: ஆறு மாறிகளையும் ஆறு கருதுகோள்களாக எழுதி, எல்லாமே தேற வேண்டும் என்று எதிர்பார்த்தால் கதை வேறு. ஒவ்வொன்றுக்கும் 0.80 பவர் இருந்து, அவை ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால்கூட, ஆறும் சேர்ந்து தேறும் வாய்ப்பு 26 சதவீதம்தான். முக்கியக் கருதுகோள் ஒன்று, மற்றவை கட்டுப்பாட்டு மாறிகள் என்று நீங்கள் வைத்திருப்பது நல்ல அமைப்பு. அப்படியே இருக்கட்டும்.

அடுத்தது 12 மருத்துவமனைகள் என்ற விஷயம். இதை G*Power கேட்கவே கேட்காது. 277 பேரும் ஒருவரோடொருவர் சம்பந்தமில்லாதவர்கள் என்றே அது எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஒரே மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கு ஒரே ஷிப்ட் முறை, ஒரே நிர்வாகம். அவர்கள் பதில்களும் ஓரளவு ஒத்துப்போகும். அந்த ஒற்றுமையை ஐசிசி என்ற எண் சொல்கிறது. ரிக்ரஷன் கெழுவுக்குத் தோராயமான திருத்தம் இது: 1 + (m − 1) × சாரா மாறியின் ஐசிசி × மிச்சப்பிழையின் ஐசிசி. m என்பது ஒரு மருத்துவமனையிலிருந்து வரும் ஆட்களின் எண்ணிக்கை. ஆதரவின் ஐசிசி 0.20, மிச்சப்பிழையின் ஐசிசி 0.05 என்று ஊகித்தால் இரண்டின் பெருக்கல் 0.01. 12 மருத்துவமனைகளில் 30 பேர் வீதம் என்றால் 1 + 29 × 0.01 = 1.29, அதாவது 358 பேர் வேண்டும். 24 மருத்துவமனைகளில் 13 பேர் வீதம் என்றால் 1.12, 311 பேர் போதும்.

ஆட்களைக் கூட்டுவதைவிட மருத்துவமனைகளைக் கூட்டுவதுதான் லாபம் என்பது இதிலேயே தெரிகிறது. அலைச்சல்தான், எனக்குத் தெரியும். ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது. பகுப்பாய்வில் மருத்துவமனை வாரியான ஒற்றுமையைச் சரிசெய்ய க்ளஸ்டர் ரோபஸ்ட் பிழைகளைப் பயன்படுத்துவீர்கள். 12 என்பது அதற்கு மிகக் குறைவு. பிழையைக் குறைத்துக் காட்டி, இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்லிவிடும். முடிந்தால் 24-ஐ நோக்கிப் போங்கள். சிறிய மருத்துவமனைகளில் அனுமதி வேகமாகக் கிடைத்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

311 என்பது கடைசியில் கணினியில் ஏற வேண்டிய முழுமையான தாள்கள். இரவுப் பணி முடிந்து களைத்துப் போகிறவர் கையில் கொடுத்தால் எல்லாம் திரும்பி வராது. 70 சதவீதம் திரும்பும், அதில் 85 சதவீதம் பயன்படும் என்று வைத்தால் 311-ஐ 0.85-ஆலும் பிறகு 0.70-ஆலும் வகுக்க வேண்டும். 523 வருகிறது. ஒரு மருத்துவமனைக்கு 22 தாள் கொண்டுபோனால் 528, கணக்கு சரியாக இருக்கும். இந்த இரண்டு சதவீதங்களும் என் ஊகம். பைலட்டில் உங்களுக்குக் கிடைப்பதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு முடியாது, 150 தாள்தான் தேறும் என்றால்? அப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். G*Power-இல் "Sensitivity" என்று இருக்கிறது. 150-க்கு 0.80 பவரில் பிடிபடும் மிகச் சிறிய f² சுமார் 0.053. மேலே வந்த வழியிலேயே பின்னோக்கிப் போனால் அது 4 புள்ளிக்குச் சற்று மேல். அதாவது இந்த ஆய்வு 4 புள்ளி விளைவைப் பிடிக்கும், 3 புள்ளி விளைவைக் கிட்டத்தட்ட பாதி தடவை தவறவிடும். அதை அப்படியே எழுதிவிட்டு ஆய்வைத் தொடரலாம், அதில் குறை ஒன்றும் இல்லை. குழுவில் கேட்டால் பதில் உங்கள் கையில் இருக்கும். ஆனால் தரவு வந்து, முடிவு தேறாமல் போன பிறகு, அதில் கிடைத்த பீட்டாவையே போட்டு "எங்கள் ஆய்வின் பவர் இவ்வளவு" என்று எழுதாதீர்கள். அது p மதிப்பையே வேறு உருவில் திரும்பச் சொல்வது, புதிதாக எதுவும் தராது.

சினாப்சிஸில் இப்படி எழுதலாம்: "பிற ஐந்து மாறிகளைக் கட்டுப்படுத்திய பின் இன்சார்ஜ் ஆதரவின் தனிப் பங்கு R²-இல் 0.02 (ஒரு திட்டவிலக்கத்துக்கு 3 புள்ளி), மொத்த R² 0.30, பிழை வாய்ப்பு 0.05, பவர் 0.80 எனக் கொண்டு 277. 24 மருத்துவமனைகளுக்கான 1.12 திருத்தத்துடன் 311. திரும்பாத, பயன்படாத தாள்களுக்காக 528 வினியோகம்." உங்கள் கைடு இதில் எந்த எண்ணைக் கேள்வி கேட்டாலும், அந்த ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி கணக்கிட்டுக் காட்டலாம்.